அஹதா, அஹதுவா? பாடத்தின் நடுப்பகுதியைப் பற்றிச் சில சொற்கள்



இவ்வாண்டு மக்தப் மத்ரஸாக்களில் புதிதாகப் பொறுப்பேற்கும் இளம் உஸ்தாத்களுக்கும் ஆலிமாக்களுக்குமாக இதனை எழுதுகிறோம். பிள்ளைகளை நம்மிடம் அனுப்பும் பெற்றோரும் படித்தால் நன்று. வீட்டில் எதைக் கேட்கவேண்டும், எதைக் கேட்கக்கூடாது என்பதும் இதில் வருகிறது.

நம்முடைய மக்தப்களில் பெரும்பாலும் நடைபெறும் பாடம் இரண்டே பகுதிகளைக் கொண்டது. உஸ்தாத் ஓதிக் காட்டுகிறார். பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து திருப்பிச் சொல்கிறார்கள். பின்னர், "போய் உட்கார்ந்து பத்துத் தடவை ஓதுங்கள்" என்று அனுப்பப்படுகிறார்கள். ஆசிரியர் செய்து காட்டுவதற்கும் பிள்ளை தனியே செய்வதற்கும் நடுவே இன்னொரு பகுதி உண்டு. ஆசிரியரும் பிள்ளையும் சேர்ந்து செய்வதும், ஆசிரியர் தம் கையைச் சிறிது சிறிதாக விலக்கிக்கொள்வதும் அப்பகுதியில் நிகழ்பவை. பாடத்தின் பெரும்பகுதி நேரம் அதற்கே உரியது என்பது நம் கருத்து. அது இல்லாத பாடத்தில் பிள்ளை பத்துத் தடவை ஓதும்போது பத்துத் தடவையும் பிழையையே உறுதிப்படுத்திக்கொள்கிறது.

இதனைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். தஜ்வீதில் கல்கலா. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் இருபது பேர். நாற்பத்தைந்து நிமிட வகுப்பு.

சட்டம் எளியது. காஃப், கனத்த தா, பா, ஜீம், தால் ஆகிய ஐந்து எழுத்துகளில் ஒன்று சுகூன் பெற்று வந்தால், அதன் ஓசையை உள்ளேயே அடைத்துவிடாமல் சிறிது அதிரவிட்டு வெளியிடவேண்டும். 'குத்பு ஜத்' என்ற சொற்றொடருக்குள் ஐந்தையும் அடக்கிப் பிள்ளைகள் மனனம் செய்வது வழக்கம். சொல்லின் நடுவே வந்தால் அதிர்வு சிறியது. ஓதுபவர் நிறுத்தும் இடத்தில் வந்தால் பெரியது. காரணமும் எளியதே. இவ்வைந்து எழுத்துகளிலும் மூச்சும் ஓடாது, ஓசையும் ஓடாது. ஹரகத் இருந்தால் அது ஓசையை வெளியே கொண்டுவந்துவிடும். சுகூன் வந்தால் கொண்டுவர ஏதுமில்லை. அதிர்வு இல்லையேல் எழுத்து கேட்காமலே போய்விடும்.

இதனைச் சொல்லிக்கொடுக்க மூன்று நிமிடம் போதும். ஆனால் தமிழ் பேசும் பிள்ளைக்கு இதில் ஓர் இடர் இருக்கிறது. அரபு நாட்டில் எழுதப்பட்ட தஜ்வீத் நூல்கள் அதனைச் சொல்லமாட்டா. தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடிவதில்லை. அப்படி முடியும் அயற்சொல் நம்மிடம் வந்தால் நாக்கு தானாகவே ஒரு குற்றியலுகரத்தைச் சேர்த்துக்கொள்ளும். மஸ்ஜித் நமக்கு மஸ்ஜிது. கிதாப் நமக்குக் கிதாபு. அஹ்மத் என்னும் பெயர் நம் ஊர்களில் அகமது. இது யாருடைய குறையுமன்று, தாய்மொழியின் இயல்பு. அந்த இயல்போடு வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் "தாலை அதிரவிட்டு ஓது" என்றால் அது 'அஹது' என்று ஓதும். நாம் கேட்டது அதிர்வு, அதன் நாக்குக்குத் தெரிந்தது உகரம்.

இதில் உள்ள விபரீதத்தைக் கவனிக்கவேண்டும். கல்கலாவை விட்டு ஓதுவது மறைவான பிழை, அதாவது லஹ்னுன் கஃபீ என்னும் வகை. சுகூன் உள்ள எழுத்துக்கு ஹரகத் கொடுப்பதோ வெளிப்படையான பிழை, லஹ்னுன் ஜலீ. அவசரமாக நடத்தப்பட்ட கல்கலா பாடம் பிள்ளையைச் சிறிய பிழையிலிருந்து மீட்டுப் பெரிய பிழையில் கொண்டுபோய் விடுகிறது. அந்தப் பிள்ளை அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகையிலும் அப்படியே ஓதும். முப்பது ஆண்டுகள் கழித்துத் தன் பிள்ளைக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்கும். ஆகவே இந்தப் பாடத்தில் நடுப்பகுதியைத் தாண்டிச் செல்ல நமக்கு உரிமையில்லை.

இனி வரிசைக்கு வருவோம்.

பாடத்தின் வாயில், பிள்ளையின் கவனத்தை ஈர்க்கும் முதல் ஐந்து நிமிடம். இளம் ஆசிரியர்கள் பலர் இதற்காக ஒரு கதையைத் தேடுகிறார்கள். கதை சுவையாக இருக்கும். ஆனால் கதை முடிந்ததும் பாடம் வேறோர் இடத்தில் தொடங்கும். தாம் கற்கப்போகும் ஒன்று தமக்கு இன்னும் இல்லை என்பதைப் பிள்ளைகளே உணரச் செய்வதுதான் வாயில். நபி (ஸல்) அவர்கள் பள்ளியில் அவசரமாகத் தொழுத ஒருவரை மூன்று முறை திருப்பி அனுப்பி மீண்டும் தொழச் சொன்ன செய்தியை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அது உள்ளது. இதைவிடச் சிறப்பாகத் தமக்குத் தெரியாது, கற்றுத்தாருங்கள் என்று அம்மனிதரே கேட்ட பிறகுதான் விளக்கம் தொடங்கியது. கேள்வி முதலில் கற்பவரிடம் பிறந்தது.

கல்கலாவுக்கு அப்படியொரு வாயில் எளிதாகக் கிடைக்கும். "எல்லாரும் 'அஹத்' என்று சொல்லி, நாக்கை மேற்பல்லின் அடியிலிருந்து எடுக்காமல் அப்படியே வைத்திருங்கள்" என்கிறோம். வகுப்பு அமைதியாகிவிடும். "கடைசி எழுத்து யாருக்காவது கேட்டதா?" கேட்டிருக்காது. "அப்படியென்றால் அல்லாஹ்வுடைய கலாமில் ஓர் எழுத்து உங்கள் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டதே, அதை எப்படி வெளியே கொண்டுவருவது?" சில பிள்ளைகள் 'அஹது' என்று சொல்லிக் காட்டும். அதனை அப்போது திருத்தவேண்டாம். "நீங்கள் ஓர் எழுத்தைக் கூட்டிவிட்டீர்கள் போலிருக்கிறதே, பார்ப்போம்" என்று மட்டும் சொல்லி அடுத்த பகுதிக்குச் செல்லலாம்.

இரண்டாம் பகுதி, ஆசிரியர் செய்து காட்டுவது. ஏழு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரே சொல்லை மூன்று விதமாக ஓதிக் காட்டவேண்டும்: அடைத்து, உகரம் சேர்த்து, சரியாக. அதன்பின் எது எந்த வகை என்பதைக் கண்டறியும் கருவியை அவர்கள் கையில் கொடுக்கவேண்டும். அந்தக் கருவி விரல். 'அ' என்று ஒரு விரலை மடக்கு, 'ஹத்' என்று இன்னொன்றை மடக்கு, இரண்டே அசை. 'அ-ஹ-து' என்றால் மூன்றாவது விரல் மடங்கிவிடும். மூன்றாவது விரல் மடங்கினால் ஓர் உயிரோசை உள்ளே நுழைந்துவிட்டது என்று பொருள். உதடு குவிகிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. தமிழ்ப் பிள்ளையிடம் அது பலிக்காது. நம் குற்றியலுகரத்தில் இதழ் குவிவதே இல்லை. அரை மாத்திரை அளவே ஒலிப்பதால் ஆசிரியரின் காதையும் அது ஏமாற்றிவிடும். விரல் ஏமாற்றாது.

இப்பகுதியிலேயே இன்னொன்றையும் காட்டிவிடுவது நல்லது. இக்லாஸ் சூராவின் முதல் வசனத்தில் நிறுத்தாமல் அடுத்ததோடு சேர்த்து ஓதினால் 'அஹதுனில்லாஹ்' என்று வரும். அங்கே தாலுக்கு ஹரகத் உண்டு, கல்கலா இல்லை. உகரம் எங்கே குர்ஆனுக்கு உரியது, எங்கே நம் நாக்குக்கு உரியது என்பதைப் பிள்ளைகள் அருகருகே கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதிர்வின் ஓசை முந்திய ஹரகத்தின் பக்கம் சாயுமா, ஃபத்ஹாவின் பக்கம் சாயுமா என்ற கருத்து வேறுபாட்டை இங்கே எடுக்கவேண்டாம். அது பெரியவர்களுக்கு உரியது. உங்கள் உஸ்தாதிடம் எப்படிக் கேட்டீர்களோ அப்படியே ஓதிக் காட்டுங்கள்.

மூன்றாம் பகுதிக்கு இருபது நிமிடம். இங்கேதான் நாம் நிதானிக்கவேண்டும்.

முதலில் எதை ஓதச் செய்வது? மஸத், இக்லாஸ், ஃபலக் ஆகிய மூன்று சூராக்களிலும் சேர்ந்து 14 வசனங்கள். பதினான்குமே கல்கலா எழுத்தில்தான் முடிகின்றன. இது நமக்குக் கிடைத்த அருள். இக்லாஸின் நான்கும் தாலில் முடிவதால் அங்கே தொடங்கலாம். ஒரே எழுத்து, ஒரே அசைவு. அடுத்து மஸத் சூராவின் கஸப், லஹப், ஹதப் ஆகிய சொற்கள். எழுத்து பா ஆகிறது. உதடுகள் சேர்ந்து பிரியும்போது உகரம் நுழைய இன்னும் இடம் அதிகம். அதன்பிறகே ஃபலக். அங்கே காஃபும் பாவும் தாலும் கலந்து வருகின்றன. ஜீமும் கனத்த தாவும் இம்முடிவுகளில் இல்லை. அவற்றை அன்றைக்கே நுழைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

அடுத்து, யார் ஓதுவது? முதலில் வகுப்பு முழுவதும் ஆசிரியரோடு சேர்ந்து ஓதும். பிறகு ஆசிரியர் தம் குரலை நிறுத்திக்கொண்டு விரலை மட்டும் மடக்குவார். பின்னர் வரிசை வரிசையாக, அதன்பின் மூவர் மூவராக, இறுதியில் ஒவ்வொருவராக. ஒவ்வொரு படியிலும் ஓர் ஆதரவு விலக்கப்படுகிறது. கூட்டாக ஓதும் படியோடு நின்றுவிடுவதே நாம் பெரும்பாலும் காணும் குறை. இருபது குரல்கள் சேர்ந்து 'அஹத்' என்னும்போது அதில் ஏழு 'அஹது' இருந்தாலும் ஆசிரியருக்குக் கேட்காது. ஏழு பிள்ளைகளும் தாம் சரியாக ஓதியதாகவே எண்ணிக்கொள்வார்கள். கூட்டு ஓதல் கூச்சத்தைப் போக்கும்; பிழையைக் காட்டாது.

தனியே ஓதும் பிள்ளை தவறும்போது உஸ்தாத் என்ன செய்யவேண்டும்? உடனே சரியான ஓசையைச் சொல்லிக்கொடுப்பது நம் கை பழகிய வழி. பிள்ளை அதனைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லும். உஸ்தாத் திருப்தியடைவார். அடுத்த வசனத்தில் அதே பிழை வரும். நடந்தது எதிரொலியே தவிரக் கற்றல் அன்று. அதற்கு மாறாக ஓர் உரையாடலை எடுத்துக்கொள்வோம்.

பிள்ளை 'ஃபலகு' என்று ஓதிவிட்டது.

"தம்பி, விரலை மடக்கிக்கொண்டு இன்னொரு தடவை ஓதுங்கள்."

"ஃப... ல... கு. மூன்று, உஸ்தாத்."

"முஸ்ஹஃபில் காஃபின் மேல் நிறுத்தும்போது என்ன இருக்கும்?"

"சுகூன்."

"சுகூனுக்குத் தனி விரல் உண்டா?"

"இல்லை." சற்று நிதானித்து, "ஃப-லக்." இப்போது இரண்டு விரல், ஆனால் காஃப் தொண்டையிலேயே அடைபட்டுவிட்டது.

"எண்ணிக்கை சரி. எழுத்து எங்களுக்குக் கேட்கவில்லை. விரலைக் கூட்டாமல் வெளியே விடுங்கள்."

மூன்றாம் முறையில் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் 'ஃப' வை விட்டுவிட்டு 'லக்' என்பதை மட்டும் ஓதச் சொல்லவேண்டும். சுமையைக் குறைக்கலாம், விடையைச் சொல்லக்கூடாது. இந்த உரையாடலுக்கு நாற்பது விநாடி ஆகும். இருபது பிள்ளைகளுக்கும் இது தேவைப்படாது. ஏழெட்டுப் பேருக்குத் தேவைப்படும். மற்றவர்கள் அந்நேரத்தில் சும்மா இராமல், ஓதும் பிள்ளைக்காகத் தங்கள் விரலை மடக்கி எண்ணவேண்டும். அவர்களுடைய காதும் அப்போதுதான் பழகும்.

நடுப்பகுதி முடிந்தது என்பதை எப்படி அறிவது? நேரம் ஆகிவிட்டது என்பதாலன்று. ஆசிரியர் ஓதிக் காட்டாத ஒரு சொல்லைக் கொடுத்துப் பார்க்கவேண்டும். ஃபலகின் 'உகத்' என்ற சொல்லை வேண்டுமென்றே ஓதாமல் இதற்காக வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கக் கல்வியாளர் பராக் ரோசன்ஷைன் 2012-இல் எழுதிய கட்டுரையில், வழிகாட்டப்படும் பயிற்சியில் மாணவர்களின் விடைகள் நூற்றுக்கு எண்பது அளவில் சரியாக அமைவதே பொருத்தமான நிலை என்கிறார். நம் வகுப்பில் அதனை இருபதில் பதினாறு பிள்ளைகள் என்று எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பேர்தான் சரியாக ஓதினார்கள் எனில் தனிப்பணிக்குச் செல்லக்கூடாது. பதினாறு பேர் வந்துவிட்டால் எஞ்சிய நால்வரை ஆசிரியர் தம் பக்கத்தில் அழைத்துக்கொண்டு நடுப்பகுதியைத் தொடரலாம். ஆனால் அந்த நால்வர் யார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு வாரமும் அதே நால்வராக இருந்தால், பிரச்சினை கல்கலாவில் இல்லை. மக்ரஜில் இருக்கிறது, அல்லது காதில் இருக்கிறது. காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கும்படி பெற்றோரிடம் மென்மையாகச் சொல்லவேண்டிய சந்தர்ப்பமும் உண்டு.

நான்காம் பகுதி, தனிப்பணி, பத்து நிமிடம். இதற்கு இக்லாஸையே மீண்டும் கொடுப்பது பயனற்றது. நடுப்பகுதியின் நினைவே அதைச் செய்து முடித்துவிடும். கத்ர் சூராவைக் கொடுக்கலாம். அதனைத் தாளில் பிரதி எடுத்து, கல்கலா வரும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, மெல்லிய குரலில் தனியே ஓதச் சொல்லவேண்டும். ஆறு இடங்கள் கிடைக்கும்: மூன்று முறை வரும் 'கத்ர்' என்ற சொல்லின் தால், 'அத்ராக' வின் தால், 'மத்லஃ' என்பதன் கனத்த தா, 'ஃபஜ்ர்' என்பதன் ஜீம். இவை யாவும் சொல்லின் நடுவே வருபவை. புதிய இரண்டு எழுத்துகளும் உண்டு. பிள்ளை சட்டத்தைப் புரிந்துகொண்டதா, வசன முடிவுகளை மட்டும் மனனம் செய்ததா என்பது இங்கே தெரிந்துவிடும். 'கத்ர்' என்பதிலுள்ள காஃபை வட்டமிட்ட பிள்ளை ஐந்து எழுத்துகளை அறிந்திருக்கிறது, சுகூன் என்ற நிபந்தனையை மறந்துவிட்டது. மூன்றே இடங்களை வட்டமிட்ட பிள்ளை பெரும்பாலும் 'கத்ர்' என்ற சொல்லை மட்டும் கண்டுகொண்ட பிள்ளை. இவ்விரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இருவருக்கும் பாடத்தை முதலிலிருந்து விளக்குவது மருந்தன்று. மறுநாள் நடுப்பகுதியின் ஒரு படிக்கு மட்டும் திரும்பினால் போதும்.

தனிப்பணியின்போது ஆசிரியர் பேசக்கூடாது என்பது நம் துணிபு. வருகைப் பதிவேட்டை எழுதும் நேரமாகவும் அதனை ஆக்கிக்கொள்ளவேண்டாம். சுற்றி நடந்து கேட்கவேண்டும்.

நேரம் குறைந்துபோனால் எதை வெட்டுவது என்று கேட்பவர்கள் உண்டு. மழைநாள், பாதி வகுப்பு தாமதம், முப்பது நிமிடம்தான் கிடைத்தது. அப்போது வாயிலை இரண்டு நிமிடமாக்கலாம், எழுத்துகளைத் தால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம், தனிப்பணியை மறுநாளைக்கு ஒத்திவைக்கலாம். நடுப்பகுதியைத் தொடக்கூடாது. நடைமுறையில் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது. விளக்கம் முழுதாகச் சொல்லப்படுகிறது, வீட்டுப்பாடம் தவறாமல் கொடுக்கப்படுகிறது, ஒவ்வொருவராக ஓதக் கேட்பதே விடுபடுகிறது.

இது புதிய கல்விமுறையை மத்ரஸாவுக்குள் இறக்குமதி செய்வதாகச் சிலர் எண்ணக்கூடும். ஹிஃப்ழ் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் சபகை உஸ்தாதின் முன் அமர்ந்து ஒப்புவிக்கும் வழக்கம் நம்முடையதுதானே? அங்கே நடுப்பகுதி இயல்பாகவே அமைந்திருக்கிறது. நாற்பது பிள்ளைகளை ஓர் அறையில் அமர்த்தி, ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பவேண்டிய மாலை மக்தப்பில்தான் அது காணாமற்போயிற்று. நாற்பது பேரானால், மேலே சொன்ன இருபது நிமிடத்தில் எல்லாரையும் தனித்தனியே கேட்க முடியாது என்பதும் உண்மையே. அப்போது ஒரு நாளைக்கு இருபது பேர் என்று பிரித்துக்கொண்டு, ஒரே பாடத்தை இரண்டு நாள் நடத்தவேண்டியதுதான். பாடத்திட்டம் பின்தங்கும். நிர்வாகத்தினரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பெற்றோருக்கு ஒரு சொல். மத்ரஸாவிலிருந்து வரும் பிள்ளையிடம் "எத்தனை பக்கம் ஆயிற்று?" என்று கேட்கும் வீடுகளே மிகுதி. அந்தக் கேள்வி பிள்ளை வழியாக எங்களை வந்தடைகிறது. நாங்களும் பக்கங்களை நோக்கி விரைகிறோம். அதற்குப் பதிலாக, இரவில் இக்லாஸ் சூராவை ஒருமுறை ஓதச் சொல்லி, நீங்களும் உங்கள் விரலை மடக்கிப் பாருங்கள். மூன்றாவது விரல் மடங்கினால் திருத்தவேண்டாம். உங்களுக்கும் அந்தப் பழக்கம் இருக்கலாம், அதில் வெட்கமில்லை. பிள்ளையின் பெயரோடு ஒரு சீட்டில் 'மூன்று' என்று எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

மறுநாள் உஸ்தாத் அந்தச் சீட்டுகளை வாங்கிப் பார்க்கட்டும். வகுப்பில் சரியாக ஓதி வீட்டில் மூன்று விரல் மடக்கிய பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். புதிதாகக் கற்ற சொல்லில் பிழை நீங்கியிருக்கும். ஐந்து வயதிலேயே மனனமாகிவிட்ட சூராவில் பழைய ஓசை அப்படியே இருக்கும். அவர்களுக்கு அன்றைய முதல் ஐந்து நிமிடத்தில் இக்லாஸையே மெதுவாக, ஒவ்வொரு வசனத்திலும் நிறுத்தி, விரலோடு ஓதச் செய்யவேண்டும். அதன் பிறகே இன்ஷா அல்லாஹ் அடுத்த பாடம்.